பிரான்ஸைப் பார்த்த கம்பி

என் கணவரை நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. விட்டுக்கொடுக்கும்படி அவர் நடந்துகொண்டதும் இல்லை. ஆனாலும் போன வருடம் ஆடி மாதத்திலிருந்து ஐப்பசி வரை எனக்கு வயிறு எரிந்துகொண்டே இருந்தது. அதற்குக் காரணம் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஆகாயத்தில் தொங்கிய பத்து மீட்டர் செம்புக் கம்பி.

காரைக்கால் பகுதியில், போலகத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. வாசல் கிழக்கே, கொல்லை மேற்கே. நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுக்கிறேன். அவர் மின்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற கையோடு பரீட்சை எழுதி அமெச்சூர் ரேடியோ உரிமம் வாங்கினார். ஹாம் என்பார்கள். வீட்டில் ஒரு அறையில் ரேடியோப் பெட்டியும் மைக்கும் வைத்துக்கொண்டு உலகத்தில் அதேபோல உட்கார்ந்திருக்கிற இன்னொருவரைக் கூப்பிட்டுப் பேசுவது. "போன்லதான் யார்கிட்ட வேணாலும் பேசலாமே, இது எதுக்கு" என்று கேட்டேன். "போன்ல நமக்குத் தெரிஞ்சவங்ககிட்டதான் பேச முடியும்" என்றார். அந்தப் பதில் எனக்கு அப்போதே பிடிக்கவில்லை.

ஆன்டெனாவை வெட்டிய அன்று மட்டும் என்னைச் சேர்த்துக்கொண்டார். டேப்பின் ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டு கூடத்தில் நின்றேன், மறுமுனையோடு அவர் வாசல் வரை போனார். "எவ்வளவுன்னு நீயே சொல்லு, டீச்சர்" என்றார். பதினாலு புள்ளி இரண்டு மெகாஹெர்ட்ஸில் பேசப்போவதாகச் சொன்னார். முந்நூறை அதால் வகுத்தால் அலையின் முழு நீளம் மீட்டரில் வந்துவிடும்: இருபத்தொன்றும் கொஞ்சமும். அதில் பாதி பத்தரை. "பத்தரை மீட்டர்" என்றேன். "உன் புஸ்தகத்துல சரி. கொல்லையில இல்ல" என்று சிரித்தார். நிஜக் கம்பிக்கு முனை என்று ஒன்று இருக்கிறது, தடிமன் இருக்கிறது, முனையில் கட்டுகிற காப்புக்கட்டை இருக்கிறது. அதனால் கம்பி தன் அளவைவிடக் கொஞ்சம் நீளமானது போல நடந்துகொள்ளும். ஆகவே நூற்றுக்கு ஐந்து பங்கு குறைத்துக்கொள்ள வேண்டும். நூற்று நாற்பத்து மூன்றை மெகாஹெர்ட்ஸால் வகுத்துவிடு, நேராக மீட்டர் வந்துவிடும் என்றார். வகுத்தேன். பத்து மீட்டரும் ஏழு சென்டிமீட்டரும் வந்தது.

வெட்டும்போது ஒரு சாண் கூடுதலாக விட்டுத்தான் வெட்டினார். கம்பி நீளமாக இருந்தால் அது ஒத்திசைகிற அதிர்வெண் கீழே இறங்கும், குறைக்கக் குறைக்க மேலே ஏறும். நறுக்கியதை ஒட்ட முடியாது என்பதால் மேலே ஏற்றிக் கட்டிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நறுக்கி, கம்பி ஏற்காமல் திருப்பி அனுப்புகிற சக்தியைக் காட்டும் மீட்டரின் முள் எங்கே கீழே படுக்கிறது என்று பார்த்து நிறுத்தினார். நடுவில் கம்பியை இரண்டாக வெட்டி, அந்த இடத்திலிருந்து கறுப்புக் கேபிளை அறைக்குள் இறக்கினார். பட்டினச்சேரி மீனவர்களிடம் வாங்கிய நீல நைலான் கயிறு இரண்டு முனையிலும். ஒரு முனை மாடியில் நட்ட இரும்புக் குழாயில், மறுமுனை கொல்லையின் வடமேற்கு மூலைத் தென்னையில். அன்று மாலை ஒரு ஜப்பான்காரர் பேசினார். நான் டீ போட்டுக் கொடுத்தேன். அதோடு என் பங்கு முடிந்தது.

பிறகு அவர் கதவைச் சாத்திக்கொண்டு பேச ஆரம்பித்தார். என் மிக்ஸியின் சத்தம் ரேடியோவில் கர்ர் என்று வருகிறதாம். மோட்டார் சுற்றும்போது உள்ளே பறக்கிற பொறி அவர் ரேடியோவுக்குப் பெரிய இரைச்சல். காதில் ஹெட்போன் மாட்டிக்கொள்வார். ஆகையால் எனக்கு ஒரு பக்கம்தான் கேட்கும்.

ஆடியில் ஒருநாள் தென்னை ஏறுகிற ஆளை வரவழைத்து, வடமேற்குத் தென்னையில் இருந்த முனையைக் கழற்றி, தென்மேற்குத் தென்னைக்கு மாற்றினார். அங்கே புதிதாக ஒரு கப்பியும் கயிறும் போட்டாயிற்று. பழைய கயிறு பழைய மரத்தில் கப்பியோடு அப்படியே தொங்கியது. கேபிள் நல்ல நீளமாக இருந்ததால் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. மாடியில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, "இப்பதான் சரியா பாக்குது" என்றார். யாரைப் பார்க்கிறது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இத்தனை வயிற்றெரிச்சல் மிச்சமாகியிருக்கும்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமையில் இருந்து வாரந்தவறாமல் சாயங்காலம் ஐந்தரைக்கு உள்ளே போய்விடுவார். போவதற்கு முன்னால் சட்டையை மாற்றிக்கொள்வார். ரேடியோவில் யார் சட்டையைப் பார்க்கப் போகிறார்கள்? சட்னிக்கு மிக்ஸியைப் போடுகிற நேரம் போக, கதவுக்கு இந்தப் பக்கம் நான் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன். "நல்லா கேக்குது... ரொம்ப தெளிவா இருக்கு... சாப்டியாம்மா... ஓவர்." அந்த 'சாப்டியாம்மா'வில் இருந்த குழைவை நான் கேட்டு எத்தனையோ வருடம் ஆயிற்று. என்னிடம் "சாப்பாடு ஆச்சா" என்றுதான் கேட்பார், அதுவும் அவருக்குப் பசித்தால்.

ஒருமுறை ஹெட்போனின் பிளக் கழன்றுவிட்டது போலிருக்கிறது. பெட்டியில் இருந்தே குரல் வந்தது. ஒரு பெண் சிரித்தாள். மூக்கால் சிரிப்பது போல, சன்னமாக, கொஞ்சம் கீச்சென்று. இரண்டு நொடிதான், அதற்குள் பிளக்கைச் செருகிவிட்டார். எனக்கு அது போதும்.

இங்கே ஒருத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருடைய அத்தை மகள். காரைக்காலில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு, பாரிஸ் பக்கம் போய்விட்டவள். அதற்கு முன்னால் இவருக்குத்தான் பேசி வைத்திருந்தார்கள். ஏதோ மனஸ்தாபத்தில் அது நின்றுபோய், பக்கத்து ஊரான பூவத்தில் இருந்து நான் வந்தேன். லீவில் வரும்போதெல்லாம் எனக்கு ஒரு சென்ட் பாட்டில் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "அத்தான் இன்னும் அப்படியேதான் இருக்காங்க" என்பாள். அந்த சென்ட்டை நான் ஒருநாளும் போட்டுக்கொண்டதில்லை. அலமாரியில் வரிசையாக நிற்கின்றன.

அவள்தான். யாருடைய சிரிப்பு என்று எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நான் இயற்பியல் ஆசிரியை, ஆதாரம் இல்லாமல் குற்றம் சாட்ட எனக்கு மனம் வராது. கம்பி எங்கே பார்க்கிறது என்று கண்டுபிடித்துவிட்டால் ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

எங்கள் கம்பியைப் போன்ற இருமுனை ஆன்டெனா எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி வீசுவதில்லை. அதைப் பாடப்புத்தகத்தில் எட்டு என்கிற எண்ணைப் போல வரைந்திருப்பார்கள். ஏன் அப்படி என்று வகுப்பில் சொல்வதற்கு எனக்கு ஒரு ஊஞ்சல் உண்டு. கம்பிக்குள் மின்னோட்டம் முன்னும் பின்னும் அல்லாடுகிறது, நொடிக்குப் பதினாலு மில்லியன் தடவைக்கு மேல். நடுவில் ஓட்டம் அதிகம், முனைக்குப் போகப்போகக் குறைந்து முனையில் பூஜ்யம், ஏனென்றால் அதற்கு மேல் ஓட வழியில்லை. இப்படி ஆடுகிற மின்னூட்டந்தான் அலையை வெளியே தள்ளுகிறது. ஊஞ்சல் ஆடுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தால் அதன் முழு வீச்சும் தெரியும். அது ஆடுகிற கோட்டிலேயே தள்ளி நின்று பார்த்தால் அது இடமும் வலமும் நகர்வதே இல்லை, நின்ற இடத்தில் இருப்பது போலத் தோன்றும். கம்பிக்கும் அதே கதை. பக்கவாட்டில் இருப்பவருக்கு மின்னூட்டம் குறுக்கே ஆடுவது முழுதாகத் தெரியும், அலையும் பலமாகப் போய்ச் சேரும். முனையின் நேரே இருப்பவருக்குக் குறுக்காட்டமே கிடையாது, அதனால் அங்கே அலையும் சொற்பம். கம்பி நீட்டிய திசையில் வீசாது, கம்பிக்குக் குறுக்கேதான் வீசும்.

இதையெல்லாம் சாதாரணமாக வருடத்துக்கு ஒருமுறை சொல்லிவிட்டு மறந்துவிடுவேன். அந்த வாரம் அது என் ரத்தத்தில் ஓடியது.

மாடிக்குப் போய்க் கைபேசியின் திசைகாட்டியைக் கம்பிக்கு நேராக வைத்துப் பார்த்தேன். கம்பி வடகிழக்கில் இருந்து தென்மேற்காக ஓடியது. அப்படியென்றால் குறுக்கே பார்ப்பது வடமேற்கு. அடுத்த நாள் பள்ளி ஆய்வகத்தில் இருந்த பூமி உருண்டையை எடுத்து, காரைக்கால் இருக்கிற இடத்தில் ஒரு நூலை அழுத்திப் பிடித்து, மறு முனையை பாரிஸுக்கு இழுத்துக் கட்டினேன். சுவரில் தொங்குகிற வரைபடத்தில் பாரிஸ் ஏறக்குறைய மேற்கே இருப்பது போலத் தெரியும். உருண்டையில் அப்படியில்லை. நூல் புறப்படும்போதே நன்றாக வடக்கே சாய்ந்து, வடமேற்காகத்தான் போனது. நேர் வடமேற்கு. எங்கள் கம்பியின் நெஞ்சுக்கு நேரே.

ஆய்வக உதவியாளர், "என்ன டீச்சர், முகமெல்லாம் சிவந்து கெடக்கு?" என்றார். வெயில் என்றேன்.

வீட்டுக்கு வந்து சண்டை போட்டிருக்கலாம். ஆனால் சண்டை போட்டால் அவர் சிரிப்பார், அந்தச் சிரிப்பு எனக்கு ஆகாது. அதோடு, அவளால் எனக்குள் எரிகிறது என்று அவருக்குத் தெரிவதைவிட நான் எரிந்து சாம்பலாகவே போய்விடலாம். அதனால் படித்த படிப்பைப் பயன்படுத்தினேன்.

ஞாயிறு மதியம் அவர் மீன் வாங்கப் பட்டினச்சேரிக்குப் போனார். நல்ல மீன் வேண்டுமென்று நான்தான் அவ்வளவு தூரம் அனுப்பினேன். அவர் தலை மறைந்ததும் கொல்லைக்குப் போனேன். தென்மேற்குத் தென்னையின் அடியில் கட்டியிருந்த நீலக் கயிற்றை அவிழ்த்து, முனையை மெதுவாகக் கீழே இறக்கி, கம்பியைக் கழற்றி, வடமேற்குத் தென்னையில் சும்மா தொங்கிய பழைய கயிற்றில் மாட்டி, கப்பியில் இழுத்து மேலே ஏற்றிக் கட்டினேன். கை இரண்டும் கயிறு அறுத்துச் சிவந்தன. இப்போது கம்பி வடமேற்காக நீண்டு, ஒரு விரலைப் போல நேராக பாரிஸைச் சுட்டியது. பார்க்கிறவர்களுக்கு, இப்போதுதான் குறி சரியாக வைத்திருக்கிறது என்று தோன்றும். எனக்கல்லவா தெரியும், சுட்டுகிற திசையில்தான் அது ஊமை என்று.

இதில் இன்னொரு நயமும் இருந்தது. கம்பியின் நீளத்தை நான் தொடவில்லை. நீளம் மாறாவிட்டால் ஒத்திசைவும் மாறாது, மீட்டரின் முள் எப்போதும் போலக் கீழே படுத்துக் கிடக்கும். ஆன்டெனா நன்றாக இருக்கிறதா என்று மீட்டர் சொல்லும், யாரைப் பார்க்கிறது என்று சொல்லாது. முழுக்க அடைபட்டுவிடாது என்பதும் எனக்குத் தெரியும். கம்பி தரையை ஒட்டித் தாழ்வாக இருந்தால் இந்தத் திசை வித்தியாசமே மங்கிப்போகும். ஆனால் எங்கள் கம்பி தன் நீளத்தின் அளவுக்கு உயரத்தில் இருந்தது. அவள் குரல் பலமானதாக இல்லாவிட்டால் இரைச்சலுக்குள் முங்கிப்போகும். முங்கட்டும் என்று கையைக் கழுவிக்கொண்டு குழம்புக்குப் புளி கரைத்தேன்.

ஐந்தரைக்குச் சட்டை மாற்றிக்கொண்டு உள்ளே போனார். நான் கதவோரம் மோடாவைப் போட்டு உட்கார்ந்தேன். தேங்காய்ச் சட்னிக்கு எல்லாம் தயாராக இருந்தும் மிக்ஸியைப் போடவில்லை, ஒரு வார்த்தையும் தவறவிடக் கூடாதென்று. அவர் கூப்பிட்டார். காத்திருந்தார். மறுபடி கூப்பிட்டார். யாரோ ஒருவருக்கு ஆங்கிலத்தில் மரியாதையாக நன்றி சொல்லி, வேறொருவரை எதிர்பார்த்திருப்பதாகச் சொன்னார். மறுபடி கூப்பிட்டார். போகப்போக அவர் குரலில் அவசரம் ஏறியது. இதைச் சொல்ல வெட்கமில்லை, எனக்கு அப்போது இனித்தது. கல்யாணத்துக்குப் பிறகு அவளை முதல்முறையாக ஜெயித்தது போல இருந்தது.

ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்தார். முகம் செத்துக் கிடந்தது. சட்னி இல்லாத இட்லியைப் பார்த்தார், தட்டைத் தள்ளி வைத்தார்.

"என்னங்க, சாப்பிடலையா?"

"புள்ள வரல."

"எந்தப் புள்ள?"

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "எந்தப் புள்ளயா? நமக்கு எத்தன புள்ள இருக்கு?"

எங்களுக்கு ஒரே மகள். பெர்த்தில், ஒரு ஆஸ்பத்திரியின் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறாள். எனக்கு வாரம் ஒருமுறை போன் செய்வாள். நல்லா இருக்கேன்மா, சாப்பிட்டேன்மா, ட்யூட்டி இருக்கும்மா, வச்சிடறேன்மா. இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நேரமில்லை என்று நானே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"அவளுக்கும் ரேடியோவுக்கும் என்ன?" என்றேன்.

"அங்க லைசன்ஸ் எடுத்துருக்கா. பால்கனியில ஒரு சின்னக் குச்சி ஆன்டெனா. ஆடிலேர்ந்து வாராவாரம் பேசுறோம். அவளுக்காகத்தான் கம்பியவே மாத்துனேன்." அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "இன்னைக்கு என்னன்னு புரியல. மீட்டர் சுத்தமா இருக்கு. ஐரோப்பா ஒண்ணும் இல்ல, பெர்த் இல்ல. ஆனா ஜப்பான்காரன் காதக் கிழிக்கிறான். மொத மாதிரி."

அந்த 'மொத மாதிரி'யில் நின்றுவிட்டார். எழுந்து கொல்லைக் கதவைத் திறந்து, மங்கிய வெளிச்சத்தில் அண்ணாந்து பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார். உள்ளங்கையில் நீலக் கயிறு போட்ட கோடு இன்னும் சிவந்திருந்தது.

"கயித்த நீ மாத்துனியா?"

"ஆமா."

"எதுக்கு?"

"அது பிரான்ஸைப் பாத்துச்சு."

கொஞ்ச நேரம் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும், நான் பயந்தபடியே, சிரித்தார். தாங்க முடியாமல் கொல்லைப் படியில் உட்கார்ந்து சிரித்தார். "அது பிரான்ஸையும் பாக்கும். கம்பிக்கு மூஞ்சி ஏது, முதுகு ஏது? இந்தப் பக்கம் வடமேற்குன்னா அந்தப் பக்கம் தென்கிழக்கு. எட்டுல ரெண்டு வட்டம் இருக்குல்ல? பிளஸ் டூவுக்கு நீதானே பாடம் எடுக்குற?"

நான்தான் எடுக்கிறேன். இருபது வருடத்துக்கு மேலாகக் கரும்பலகையில் அந்த எட்டை வரைந்துவருகிறேன், இரண்டு வட்டமும் ஒரே அளவில் வர வேண்டுமென்று பிள்ளைகளைத் திரும்பத் திரும்ப வரையச் சொல்லியிருக்கிறேன். என் வயிற்றெரிச்சலுக்கு ஒரு வட்டம் போதுமானதாக இருந்தது.

"அந்தச் சிரிப்பு?" என்றேன். "ஒருநாள் கேட்டேன். கீச்சுன்னு. அது நம்ம பொண்ணு சிரிப்பே இல்ல."

"டயல் கொஞ்சம் தள்ளியிருந்தா அப்படித்தான் கேக்கும். இதுல நூலளவு தப்புனா குரலே வேற ஆளாட்டம் ஏறிடும், எறங்கிடும். திருகிச் சரி பண்ணணும்."

பெற்ற மகளின் சிரிப்பைக் கேட்டு மூன்று மாதம் அவளைச் சபித்திருக்கிறேன். அதற்காக அழுகை வரவேண்டியது, வரவில்லை. வந்தது வேறு. "ஏன் என்கிட்ட சொல்லல?" என்று கேட்டபோது என் குரல் எனக்கே வேறு ஆளுடையது போலக் கேட்டது.

"மொதல்ல ரெண்டு வாட்டி கதவத் தொறந்து சொன்னேன், பெர்த்து வருதுன்னு. நீ மிக்ஸிய நிறுத்தல." அது உண்மைதான். அந்தச் சத்தத்தில் எந்த ஊர் என்று காதில் விழவில்லை, ஏதோ ஊர்ப் பெயர் சொல்கிறார் என்று தலையாட்டினேன். "அப்புறம் அவதான், வேண்டாம்பா, சொல்லாதீங்கன்னா. உனக்கு லைசன்ஸ் இல்ல, மைக்க உன் கையில குடுக்க முடியாது. நீங்க மட்டும் பேசுறீங்களான்னு அம்மா சண்டை போடுவாங்கன்னா."

"போடுவேன்தான்" என்றேன். அப்போதே போட்டேன்.

அன்றிலிருந்து அத்தை மகளை நான் மறந்தேபோனேன். பாவம், அவள் அங்கே என்ன செய்துகொண்டிருந்தாளோ. இப்போது எரிந்ததெல்லாம் என் பக்கத்தில் படுத்துக் குறட்டை விடுகிற மனிதரைப் பார்த்து. எனக்கு இரண்டு நிமிடம், இவருக்கு அரை மணி நேரமா? பத்து மாதம் சுமந்தது யார்? திங்கட்கிழமை காலையில் அவர் எழுந்திருக்கும் முன்பே கம்பியைத் தென்மேற்குத் தென்னைக்கு மாற்றிக் கட்டினேன். பள்ளிக்குப் போய் முதல் வேலையாக உருண்டையை எடுத்தேன். பாரிஸில் இருந்து காரைக்காலுக்கு இழுத்த நூலை அதே நேரில் விட்டு அந்தப் பக்கம் நீட்டினேன். கடலைத் தாண்டி, இலங்கையைத் தாண்டி, பெரிய சமுத்திரத்தின் மேலேயே போய், ஆஸ்திரேலியாவின் தென்மேற்கு மூலையில் போய் முட்டியது. பெர்த் அங்கேதான் இருந்தது.

அடுத்த ஞாயிறு நானும் அறைக்குள் போனேன். மகளுக்குத் தெரிய வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஹெட்போனைக் கழற்றிவிட்டுப் பெட்டியில் இருந்தே கேட்கும்படி வைத்தார். மிக்ஸியின் வயரைச் சுவரில் இருந்து பிடுங்கிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, அவர் நாற்காலிக்குப் பின்னால் மோடாவில் உட்கார்ந்தேன்.

முதலில் கீச்சுக் குரல்தான் வந்தது. அவர் டயலைத் தொட்டு மெல்லத் திருகினார். குரல் இறங்கி, இறங்கி, என் மகளாக ஆனது.

வீடு மாற்றிவிட்டாளாம். புது வீட்டு ஜன்னலில் ஒரு பூனை வந்து உட்காருகிறதாம். நீச்சல் கற்றுக்கொள்கிறாளாம், இரண்டாவது வகுப்பில் தண்ணீரைக் குடித்துவிட்டாளாம். ஆய்வகத்தில் ஒருத்தியோடு மனஸ்தாபம், அதை எப்படிச் சமாளித்தாள் என்று முழுதாகச் சொன்னாள். இதில் ஒன்றுகூட எனக்குத் தெரியாது. ஒவ்வொன்றுக்கும் என் வாயில் கேள்வி வந்து முட்டியது. பூனை கடிக்குமே, நீச்சல் எதற்கு, வீட்டு ஓனர் எப்படிப்பட்டவர். ஆனால் அது ரேடியோ. ஒருவர் பேசி முடித்து 'ஓவர்' என்று சொன்னால்தான் இன்னொருவர் பேச முடியும். அதுவரை அவர் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார், தலையாட்டக்கூட இல்லை. அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை. எனக்கு மறுபடியும் பொறாமையாக இருந்தது.

"போன்ல அம்மாகிட்ட இப்படிச் சொல்ல முடியலப்பா" என்றாள். "நான் பாதி சொல்றதுக்குள்ள நாலு கேள்வி வந்துடும். பதில் சொல்றதுக்குள்ள நான் சொல்ல வந்ததே மறந்துடும். இதுலதான் கடைசி வரைக்கும் பேச விடுறீங்க. ஓவர்."

அவர் திரும்பி என்னைப் பார்க்காமல் இருக்க மிகவும் முயற்சி செய்தது தெரிந்தது. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, மழை வரும் போலிருக்கிறது, நாற்றங்கால் எல்லாம் நனையட்டும் என்று ஏதோ சொல்லி, ஓவர் என்றார்.

கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். பிறகு அவள் குரல்.

"அப்பா, என்ன இன்னைக்கு மிக்ஸி சத்தத்தையே காணோம்? வாராவாரம் நீங்க பேசும்போது பின்னாடி கேட்டுக்கிட்டே இருக்கும். அதக் கேட்டாத்தான் எனக்கு வீட்டோட பேசுன மாதிரி இருக்கும். அம்மா எங்க? உடம்புக்கு ஏதும் முடியலையா? நெஜமா சொல்லுங்கப்பா. ஓவர்."

இப்போது அவர் திரும்பிப் பார்த்தார். மைக் அவர் கையில் இருந்தது. அதை எனக்குக் கொடுக்க முடியாது, எனக்கும் தெரியும்.

எழுந்து கதவை விரியத் திறந்தேன். சமையலறைக்குப் போய் வயரைச் செருகினேன். ஜாரில் தேங்காயும் இல்லை, ஒன்றும் இல்லை. அறைக்குள் அவர் மைக்கின் பொத்தானை அழுத்தி, "அம்மா நல்லா இருக்காங்கம்மா, இந்தா கேளு" என்று சொல்வது கேட்டது. மிக்ஸியைப் போட்டேன். வெறும் ஜார் வீடு அதிர அலறியது. அவர் பேசிக்கொண்டிருந்த வரைக்கும் ஓடவிட்டேன்.

அவர் 'ஓவர்' என்றதும் நிறுத்திவிட்டு, அவள் பேசட்டும் என்று காத்திருந்தேன்.